‘ஐ ஆம் நோயிங்’ ஏன் நெருடுகிறது?

வேலை நேர்காணலில் ஒருவர் “ஐ ஆம் நோயிங் டேலி” என்றால் சொல்ல வந்தது புரிந்துவிடும். ஆனாலும் ஆங்கிலம் நன்கு பழகிய காதுக்கு அது பிழையாகவே படும். நோ, வான்ட், பிலாங் போன்ற நிலைவினைகளுக்குத் தொடர்நிலை கிடையாது என்று பள்ளியில் ஒரு பட்டியல் தருவார்கள். காரணம் தெரியாமல் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால்தான் பலருக்குக் குழப்பம்.

தொடர்நிலை என்பது ஒரு செயலின் நடுப்பகுதியைக் காட்டுவது. கடிதம் எழுதுவதற்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. ஆகவே ‘ஐ ஆம் ரைட்டிங்’ பொருந்துகிறது. டேலி தெரிந்திருப்பதில் அப்படி நடு எதுவும் இல்லை. வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதும் அப்படித்தான். அதனால் பிலாங் தொடர்நிலைக்கு அநேகமாக இடமே தருவதில்லை.

தமிழில் ‘போகிறேன்’ என்ற ஒரே வடிவம் வழக்கத்தையும் இந்த நொடி நடப்பதையும் குறிப்பதால் நாம் தடுமாறுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் ‘எனக்கு டேலி தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாமும் சொல்வதில்லையே! இந்த வேறுபாடு நம் மொழியிலேயே இருக்கிறது.

திங்க் என்ற வினையைப் பாருங்கள். ‘அவர் நல்லவர் என்று நினைக்கிறேன்’ என்பது கருத்து. அது ‘ஐ திங்க்’. ‘என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது மனத்துக்குள் நடக்கும் வேலை. அது ‘ஐ ஆம் திங்கிங்’. கார் இருந்தால் ‘ஐ ஹேவ் எ கார்’. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’. வினை ஒன்றுதான், பொருள்தான் நிலையிலிருந்து செயலுக்கு மாறுகிறது.

வான்ட் சற்று இளகியது. ‘ஐ ஆம் வான்டிங் டீ’ பொது வழக்கில் ஒட்டாது. ஆனால் ‘உங்களைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்பதற்கு, ‘ஐ ஹேவ் பீன் வான்டிங் டு மீட் யூ’ என்று ஆங்கிலேயரே சொல்வார்கள். நாள்பட நீண்ட ஆசை என்பதால் அங்கே இடம் கிடைக்கிறது. 2003இல் மெக்டொனால்ட்ஸ் ‘ஐ ஆம் லவிங் இட்’ என்று விளம்பரம் செய்ததும், இந்த நொடியில் ருசித்து மகிழ்வதைக் காட்டத்தான்.

தமிழை வைத்துச் சோதிப்பதற்கும் எல்லை உண்டு. ‘கடை வைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது நமக்கு இயல்பு. அதை ‘ஐ ஆம் ஹேவிங் எ ஷாப்’ என்று மாற்றினால் பிழை. உடைமை என்று வந்தால் ‘ஐ ஹேவ்’தான்.

விதிக்குப் பயந்து ‘நோயிங்’ என்ற சொல்லையே சிலர் ஒதுக்குகிறார்கள். அது தேவையில்லை. ‘நாட் நோயிங் தி வே, வீ ஆஸ்க்ட் எ போலீஸ்மேன்’ முழுக்கச் சரியான வாக்கியம். ஆம், இஸ், ஆர் ஆகியவற்றோடு அது சேரும்போதுதான் கவனம் வேண்டும்.