கூடுதல் படங்களா, பெரிய மாடலா?

கையெழுத்து எண்களைக் கணினிக்குப் பழக்கும் எம்னிஸ்ட் தொகுப்பில் 60,000 பயிற்சிப் படங்கள் உண்டு. எளிய நேரியல் மாடல் ஒன்றுக்கு முதலில் 1,000, பிறகு 2,000, 4,000 என இரட்டித்துக் கொடுங்கள். பழகிய படங்களில் வரும் பிழைக்கு ஒரு கோடு, தனியே ஒதுக்கிய படங்களில் வரும் பிழைக்கு இன்னொரு கோடு. ஒதுக்கியவற்றை நடுவில் மாற்றக் கூடாது.

ஆயிரம் படங்களில், பழகியவற்றில் பிழை அநேகமாக இல்லை. புதியவற்றிலோ 10 சதவீதத்தைத் தாண்டும். படம் கூடக்கூட அந்த மேல்கோடு இறங்கும்வரை, படம் சேர்ப்பதே லாபம். அறுபதாயிரத்தை நெருங்கும்போது இரண்டு கோடுகளும் 7, 8 சதவீதத்தருகே ஒட்டிக்கொள்கின்றன. இனி லட்சம் படம் சேர்த்தாலும் பெரிதாக இறங்காது. பெரிய நரம்பு வலையமைப்புக்கு மாறினால் 2 சதவீதத்துக்கும் கீழே போகும்.

ஆனால் படங்களுக்குத் தவறான எண்ணைக் குறித்து வைத்திருந்தாலும் கோடுகள் இப்படித்தான் ஒட்டி நிற்கும். மாடல் தவறவிட்ட ஐம்பது படங்களையாவது முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள்.