கப்பலில் மணி என்ன?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: சரக்குக் கப்பலில் மாலுமியாக இருக்கும் கணவர் போன வாரம் மத்தியானம் பேசினார், இந்த வாரம் ராத்திரிதான் அழைக்கிறார், வேலை மாறவில்லையாம், பிறகு நேரம் மட்டும் ஏன் மாறுகிறது?

மாறுவது கப்பலின் கடிகாரம். 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. கிழக்கே போகும் கப்பல் அந்த எல்லையைத் தாண்டும்போது, பெரும்பாலும் இரவில், கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். தூக்கத்தில் குறையும் அந்த ஒரு மணியைச் சில கப்பல்களில் மூன்று வாட்ச்காரர்களும் இருபது இருபது நிமிடமாகப் பங்கு போட்டுக்கொள்வதுண்டு. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

அவர் 12–4 வாட்ச் என்று வைத்துக்கொள்வோம். நண்பகல் 12 முதல் 4 வரை, மறுபடி நள்ளிரவு 12 முதல் 4 வரை வேலை. கப்பல் பிரேசில் கரையை விட்டுக் கிளம்பி, மேற்குத் தீர்க்கரேகை 45 பாகையில் இருக்கும்போது தூத்துக்குடி எட்டரை மணி முன்னால் இருக்கும். மாலை 4 மணிக்கு வாட்ச் முடித்து அவர் அழைத்தால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. விடியற்காலை 4 மணிக்கு என்றால் பகல் பன்னிரண்டரை. மனைவி கிடைப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். தூங்கி எழுந்து காலை 11 மணிக்கு அழைத்தால் இங்கே இரவு ஏழரை, எல்லோரும் வீட்டில். ஆனால் அடுத்த ஒரு மணியில் வாட்ச் ஏற வேண்டும்.

மணிக்கு 13 கடல் மைல் ஓடினால் ஏறக்குறைய இரண்டரை நாளுக்கு ஒரு முறை கடிகாரம் நகரும். பத்து நாளில் நன்னம்பிக்கை முனையை நெருங்கும்போது வித்தியாசம் நாலரை மணியாகச் சுருங்கிவிடும். இப்போது மாலை 4 மணி வாட்ச் முடிந்ததும் அழைத்தாலே இங்கே இரவு எட்டரை. அம்மணியின் கேள்விக்கு விடை இதுதான். இந்திய நேரத்தில் அரை மணி ஒட்டிக்கொண்டிருப்பதால் கணக்கில் எப்போதும் ஓர் அரை மிஞ்சும். போனில் இரண்டு கடிகாரம் வைத்துக்கொள்வது நல்லது.

எந்த நேரமானாலும் ஓய்வில் கைவைக்கக் கூடாது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, அதில் ஒரு பகுதி தொடர்ந்து 6 மணி என்பது சர்வதேச விதி. என் அப்பா பஞ்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்த நாட்களில், பகலில் எங்கள் வீட்டில் குக்கர் விசில்கூட அடக்கித்தான் வைக்கப்படும். கப்பல்காரரின் தூக்கத்துக்கு அப்படிக் காவலிருக்க வீட்டார் அருகில் இல்லை. விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கும் பேச்சு ஆறு வரை நீண்டால், போவது அந்தத் தூக்கம்தான்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-ல் வந்த திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. முடிந்தவரை மாலுமிகளுக்கு இணைய வசதி தர வேண்டும், கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது அது. 'முடிந்தவரை' என்பதைச் சாக்காக்கும் முதலாளிகளும் உண்டு. வீட்டாருக்கும் ஒன்று சொல்வேன்: வாட்ச் ஏறுவதற்கு முந்தைய அந்த ஒரு மணியில் நகைக்கடன், பங்காளிச் சண்டையை எடுக்காதீர்கள். அவர் அடுத்து நிற்கப்போவது கப்பலின் பிரிட்ஜில். எதிரே வரும் மீன்பிடிப் படகைப் பார்க்க வேண்டியது அந்தக் கண்கள்தான்.