அப்புச்சிக்கு ஏழு நிமிடம்

வீட்டுப் பெரியவர் மறைந்து ஓராண்டு ஆகும்போது, திதிக்குக் கூடும் உறவினர்களுக்குத் தொலைக்காட்சியில் காட்ட ஒரு நினைவுப் படம் செய்யலாம் என்று பேரப்பிள்ளைகள் கிளம்புவார்கள். ஆல்பத்தில் இருப்பதையெல்லாம் கைபேசியில் பிடித்து, இளமை முதல் முதுமை வரை அடுக்கி, மேலே ஒரு சோகப் பாட்டைப் போட்டால் படம் தயார். முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மூன்றாவது நிமிடத்தில் ‘இது யாரு, அது எந்தக் கல்யாணம்’ என்ற பேச்சு தொடங்கிவிடும். அவரைப் பார்த்தே இராத கொள்ளுப்பேரனுக்கு அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது கடைசி வரை தெரியாது.

இப்படி ஆவதற்குக் காரணம் வேலையைப் படத்திலிருந்து தொடங்குவதுதான். நினைவுப் படத்துக்கு முதலில் சேர்க்க வேண்டியவை குரல்கள். அந்தக் குரல்களிலிருந்து எழுத்துப் பிரதி பிறக்கும். பிரதி எந்த இடத்தில் படம் கேட்கிறதோ அங்கே புகைப்படம் வரும். இசை எல்லாவற்றுக்கும் பின்னால்.

பொள்ளாச்சிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஒரு அப்புச்சிக்கு ஏழு நிமிடப் படம் செய்வதாக வைத்துக்கொள்வோம். நான்கு பேர் பேசினால் போதும்: அம்மிச்சி, மூத்த மகள், கடையில் தொழில் பழகிய ஒருவர், கடைக்குப் போய் விளையாடிய பேத்தி. பத்துப் பேர் பேசினால் ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம்தான் கிடைக்கும். அந்த அரை நிமிடத்தில் எல்லோரும் ‘தங்கமான மனுசன்’ என்றே சொல்வார்கள். ‘அப்புச்சி எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டாலும் அதே பதில்தான் வரும். ‘கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார்?’ என்று கேட்டுப் பாருங்கள். அம்மிச்சி யோசிக்காமலே சொல்வார்: “மொதல்ல கையத்தான் கழுவுவாங்க. வார்னிஷ் வாசம் போற வரைக்கும் சீயக்காப் போட்டுத் தேய்ப்பாங்க. அப்பறந்தான் கொழந்தையத் தொடுவாங்க.” தங்கமான மனிதர் என்பதை அந்தச் சொல் இல்லாமலே இந்த மூன்று வாக்கியங்கள் சொல்லிவிடுகின்றன.

பதிவு செய்யக் கைபேசியே போதும். பேசுகிறவர் வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் அது இருக்கட்டும். மெத்தை, தலையணை, துணி அலமாரி இருக்கும் படுக்கையறைதான் நல்ல இடம். வெறும் சுவரும் தரையும் உள்ள கூடத்தில் குரல் சுவரில் மோதித் திரும்பி எதிரொலிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். விசிறி ஓசை நம் காதுக்குப் பழகிப்போய் அங்கே இருப்பதே தெரியாது. ஆனால் பேச்சை வெட்டி ஒட்டும்போது, குரலோடு சேர்ந்து அந்த ஓசையும் திடீரென்று வந்து திடீரென்று அறுபடும். வெட்டு விழுந்த இடம் ஒவ்வொன்றும் காதில் தட்டும். இதற்காகவே, பேசி முடித்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த அறையின் ஓசையை மட்டும் தனியாகப் பதிந்து வைப்பது தொழில் தெரிந்தவர்களின் வழக்கம். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி தேவைப்படும்போது அந்த ஓசையை அங்கே வைத்தால், இடைவெளி செத்துப்போனதாகத் தோன்றாது.

நம் கேள்வி படத்தில் கேட்காது என்பதையும் அம்மிச்சியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ‘கடை எங்கே இருந்தது?’ என்ற கேள்விக்கு ‘மார்க்கெட்டுக்கு எதிர்ல’ என்று மட்டும் பதில் வந்தால் அதைப் பயன்படுத்த முடியாது. ‘கடை மார்க்கெட்டுக்கு எதிர்ல இருந்துச்சு’ என்று முழுதாக வர வேண்டும். அழுகை வந்தால் பதிவை நிறுத்தலாம், கேள்வியைத் தொடரக் கூடாது. அந்த அழுகை படத்துக்குள் போகவும் வேண்டியதில்லை.

ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பதிந்தால், அதிலிருந்து படத்துக்குப் போவது ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம். எனவே எல்லாவற்றையும் கேட்டு, பேச்சு வழக்கு மாறாமல் எழுதி, ஓரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, எந்தக் கதை அவரைக் கண் முன் நிறுத்துகிறதோ அதைக் கோடிட்டு எடுக்க வேண்டும். பிரதியை இரண்டு பத்தியாக எழுதுவது ஆவணப் படக்காரர்களின் முறை: ஒரு பக்கம் காதுக்கு வருவது, மறுபக்கம் கண்ணுக்கு வருவது. காதுப் பக்கத்தை முழுதாக எழுதி முடித்த பிறகே கண் பக்கத்தைத் தொட வேண்டும். நம் அப்புச்சியின் பிரதியில் நடுப்பகுதி இப்படி இருக்கும்:

ஒலி: தொழில் பழகியவர் குரல். “ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தர் மோட்டாரக் கொண்டாந்து எறக்குனாருங்க. தக்காளி காயுது, நாளைக்குத் தண்ணி உடலைன்னா போச்சுன்னாரு.”
படம்: கடை வாசல், பலகையோடு. 8 நொடி.

ஒலி: “எரிஞ்ச கம்பிய வெட்டி எடுத்து, ஸ்டேட்டர சுத்தம் பண்ணி, சுத்த ஆரம்பிச்சோம். சுத்தும்போது பேச மாட்டாருங்க, எண்ணிக்கை தப்பிரும்னு.”
படம்: குனிந்து வேலை செய்யும் அப்புச்சி. 14 நொடி.

ஒலி: பேச்சு இல்லை. கம்பி சுற்றும் கைப்பொறியின் ஓசை மட்டும். 5 நொடி.
படம்: அதே படம், கைகள் மட்டும்.

ஒலி: “மறுநாள் மத்தியானம் அவரு தோட்டத்துல மோட்டார் ஓடுச்சு. காசு அறுவடைக்கு அப்பறம் குடுன்னு சொல்லிட்டாருங்க.”
படம்: கடை முன்னால் எல்லோரும் நிற்கும் படம். 11 நொடி.

கைப்பொறி ஓசையைக் கவனியுங்கள். அந்தப் பொறி இன்னும் கடையில் இருந்தால் பேரன் போய்ச் சுற்றி, ஒரு நிமிடம் பதிந்து வரலாம். எந்த வீணையும் புல்லாங்குழலும் அந்த வீட்டுக்காரர்களுக்கு அதைவிட நெருக்கமான ஓசையாக முடியாது.

அடுத்து புகைப்படங்கள். தனி ஆள் நிற்கும் படத்தைக் கண் ஐந்தாறு நொடியில் படித்துவிடும். பதினைந்து பேர் நிற்கும் குடும்பப் படத்துக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டும், ஏனென்றால் பார்க்கிறவர் முதலில் தன்னைத் தேடுவார், பிறகு அம்மாவைத் தேடுவார், அப்புறம்தான் அப்புச்சிக்கு வருவார். ஏழு நிமிடம் என்பது 420 நொடி. இந்தக் கணக்கில் நாற்பது படங்களுக்கு மேல் இடமில்லை. வீட்டில் முந்நூறு இருந்தாலும் நாற்பதுதான்.

வரிசையைப் பிறந்த தேதியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். பள்ளிக்கூடக் குழுப் படத்தில் ஓரமாக நிற்கும் சிறுவன் யார் என்று கொள்ளுப்பேரனுக்குத் தெரியாது. அப்புச்சியை எல்லோரும் எந்தக் கோலத்தில் அறிவார்களோ அதில் தொடங்கலாம்: கடைக்குள், மடித்துக் கட்டிய வேட்டியோடு, கையில் செம்புக் கம்பி. அந்த முகம் மனதில் பதிந்த பிறகு பின்னோக்கிப் போனால், கல்யாணப் படத்து இளைஞனின் முகத்தில் கிழவரை நாமே தேடிக் கண்டுபிடிப்போம். மருத்துவமனைப் படங்களைச் சேர்க்கவே கூடாது. மாலை போட்ட சட்டகப் படமும் தேவையில்லை. அது அதே கூடத்தின் சுவரில் மாட்டியிருக்கிறது.

பழைய படங்களைக் கைபேசியில் பிடிப்பதைவிட ஸ்கேனரில் எடுப்பது நல்லது. 4க்கு 6 அங்குலப் பிரதியை அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்தால் 2400க்கு 3600 புள்ளி கிடைக்கும். முழு எச்டி தொலைக்காட்சித் திரை 1920க்கு 1080 புள்ளிதான் என்பதால் முழுப் படம் தெளிவாக இருக்கும். ஆனால் குடும்பப் படத்தில் அப்புச்சி முகம் அரை அங்குலம்தான் என்றால் அதற்குக் கிடைப்பது 300 புள்ளி. அதைத் திரை நிறையப் பெரிதாக்கினால் முகம் கரைந்துபோகும். அந்த ஒரு படத்தை மட்டும் 1200 புள்ளியில் எடுத்து, முகத்தைத் திரையின் பாதி உயரத்துக்கு மேல் போகவிடாமல் நிறுத்த வேண்டும். சட்டகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படத்தைப் பிரித்தெடுக்க முயலக் கூடாது, கண்ணாடியில் படத்தின் மேற்படலம் உரிந்து நின்றுவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். ஆக்ஃபா கிளிக் போன்ற கேமராவில் எடுத்த சதுரப் படங்களின் தலையையும் காலையும் வெட்டித் திரைக்குப் பொருத்த வேண்டாம். இரு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அசையாத படத்தின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தும் உத்தி இன்று பல செயலிகளில் ‘கென் பர்ன்ஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி 1990இல் ஆவணப் படக்காரர் கென் பர்ன்ஸ் தொலைக்காட்சிக்கு எடுத்த தொடரால் அது பெயர் பெற்றது. அவருக்கு முன்பே 1957இல், கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் ‘சிட்டி ஆஃப் கோல்டு’ என்ற குறும்படம் தங்க வேட்டைக்குப் பெயர்போன டாசன் நகரத்தின் பழைய புகைப்படங்களை இப்படித்தான் உயிர்ப்பித்தது. அந்தப் படங்களில் நகர்வுக்குக் காரணம் இருக்கும். கூட்டத்திலிருந்து ஒருவரிடம் போகும், முகத்திலிருந்து கைக்கு இறங்கும். செயலி தானாகச் செய்யும் நகர்வு எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி உள்ளிழுத்துக்கொண்டே இருப்பதால், ஐந்தாவது படத்திலேயே பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும். அதை அணைத்துவிட்டு, நாற்பதில் ஏழெட்டுப் படங்களை மட்டும் நகர்த்தலாம். நகர்வு அப்புச்சியிடம் வந்து நின்ற பிறகு இரண்டு நொடி அசையாமல் இருக்க வேண்டும்.

கடைசியில் இசை. சினிமாப் பாட்டு வேண்டாம். அதைக் கேட்டதும் அந்தப் படத்தின் கதாநாயகன் முகம் கூடவே வந்து நிற்கும். மேலும் பாட்டு வரியும் பேச்சும் ஒரே நேரத்தில் ஓடினால் காது இரண்டையும் பின்தொடர முடியாமல் இரண்டையும் விட்டுவிடும். ஷெனாயையும் தவிர்க்கலாம், திரையில் பல சாவுகளுக்கு அது வாசித்தாகிவிட்டது, கேட்டவுடன் ‘இப்போது அழு’ என்று சொல்லும். தாளம் இல்லாத ஆலாபனை பொருத்தமானது. தாளம் வந்தால், அடி விழும் இடத்தில் படம் மாறவில்லையென்றால் ஏதோ பிசகியதாகத் தோன்றும். ஒரு வீணை ஆலாபனையைப் படத்தில் இரண்டே இடத்தில், ஒவ்வொன்றும் அரை நிமிடம் வைத்தால் போதும்: கல்யாணப் படங்கள் வரும்போது ஒன்று, கடைசிப் படங்களில் ஒன்று. பர்ன்ஸின் பதினோரு மணி நேரத்துக்கும் மேலான தொடரில், 1982இல் ஜே அங்கர் இயற்றிய ஒரு வயலின் மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஏழு நிமிடத்துக்கு நான்கு மெட்டு வேண்டியதில்லை.

இசைக்கு மேல் குரல் வர வேண்டியிருந்தால், இசை குரலைவிட 20 டெசிபல் தாழ்ந்திருக்கட்டும். ஒலி அலையின் வீச்சில் பார்த்தால் அது பத்தில் ஒரு பங்கு. காதில் மாட்டும் கருவியில் கேட்டு இதை முடிவு செய்யக் கூடாது. அன்று ஓடப்போகும் அதே தொலைக்காட்சியில், அதே கூடத்தில், அடுப்படியில் பாத்திரம் உருளும் நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். அம்மிச்சியின் சொல் ஒன்றாவது புரியாமல் போனால் குறைக்க வேண்டியது இசையை. அப்புச்சிக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்று இருந்தால், அதைப் பின்னணியாக நீட்டாமல், கடை ரேடியோவில் பாடுவதுபோல் ஐந்தாறு நொடி வைக்கலாம். படத்தை யூடியூபில் ஏற்ற நினைத்தால் அந்த ஐந்து நொடிக்கும் உரிமைச் சிக்கல் வரலாம்.

திதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பாக அம்மிச்சியிடம் தனியாகப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் எடுக்கச் சொல்வதைக் காரணம் கேட்காமல் எடுத்துவிடலாம். படம் முடிந்த பிறகும் நான்கு பேரின் அரை மணிப் பதிவுகளை அழிக்காமல், வெட்டாத வடிவத்திலேயே இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு வீடுகளில் வைக்க வேண்டும். ஸ்கேன் செய்த படங்களின் பின்னால், யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று மென்மையான பென்சிலால் எழுதிவிட வேண்டும்; பேனா மை மறுபக்கம் ஊறும். அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இப்போது அம்மிச்சி மட்டும்தான் என்பதால், இந்த வேலையைப் பதிவு செய்யப் போகும் அன்றே அவரோடு உட்கார்ந்து முடித்துவிடுவது நல்லது.