திடீரென அகலும் குழாயில் தொலையும் 46 சென்டிமீட்டர்

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய், நடுவில் கூம்பு ஏதும் இல்லாமல், சட்டென்று 100 மில்லிமீட்டர் குழாயில் போய்த் திறக்கிறது. சின்னக் குழாயில் தண்ணீர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வருகிறது. விட்டம் இரட்டித்தால் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிவிடும். ஆகவே பெரிய குழாயில் வேகம் விநாடிக்கு 1 மீட்டர்தான்.

வேகம் குறையும் இடத்தில் அழுத்தம் ஏறும் என்பது பெர்னூலி விதி. அந்த விதிப்படி இங்கே அழுத்தம் 7,500 பாஸ்கல் ஏற வேண்டும். தண்ணீரின் உயரமாகச் சொன்னால் ஏறக்குறைய 76.5 சென்டிமீட்டர். ஆனால் குழாயில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால் முள் 3,000 பாஸ்கலை ஒட்டியே நின்றுவிடும், அதாவது 30.6 சென்டிமீட்டர். மீதி 46 சென்டிமீட்டரைத்தான் பொறியாளர்கள் ‘ஹெட் லாஸ்’ என்கிறார்கள்.

அது எங்கே போனது என்பதைக் கண்ணாடிக் குழாயில் சாயம் கலந்து விட்டால் கண்ணாலேயே பார்க்கலாம். சின்னக் குழாயிலிருந்து வெளிவரும் தண்ணீர் உடனே விரிந்து பெரிய குழாயை நிரப்புவதில்லை. கொஞ்ச தூரம் ஒரு தாரையாக நேரே பாய்கிறது. தாரைக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் சிக்கிய தண்ணீர் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கிறது. தாரையின் வேகம் இந்தச் சுழல்களுக்குத் தீனியாகிறது; பெரிய சுழல் உடைந்து சின்னச் சுழலாகி, கடைசியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தைத் தெர்மாமீட்டர் வைத்துப் பிடிக்கலாமே என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் சூடாவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

சிக்கல் இங்கேதான். ஆற்றல் கணக்கு மட்டும் கையில் இருந்தால் பெரிய குழாயின் அழுத்தமும் தெரியாது, இழப்பும் தெரியாது. ஒரே சமன்பாட்டில் இரண்டு புதிர்கள். சுழல் ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலைத் தின்கிறது என்று எண்ணிக் கூட்டுவது நடக்கிற காரியமும் இல்லை.

உந்தக் கணக்குக்கு அந்தக் கவலை கிடையாது. தண்ணீருக்குள் ஒரு பகுதி இன்னொரு பகுதியை எப்படித் தள்ளினாலும், அது அதே அளவில் திருப்பித் தள்ளுகிறது. உள்ளே நடக்கும் தள்ளுமுள்ளு எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கணக்கிலிருந்து போய்விடும். எல்லைகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் போதும். ஆகவே குழாய் அகலும் இடத்தில் ஓர் எல்லையும், சுழல்கள் அடங்கித் தண்ணீர் குழாயை நிரப்பி ஓடும் இடத்தில் இன்னோர் எல்லையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் குழாயில் விநாடிக்கு 7.85 லிட்டர், அதாவது 7.85 கிலோ தண்ணீர் ஓடுகிறது. அதன் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் 23.6 நியூட்டன். தண்ணீரைத் தடுத்து மெதுவாக்கும் விசை இவ்வளவு. அதைக் கொடுப்பது எது? முன்னால் கூடுதலாகவும் பின்னால் குறைவாகவும் இருக்கும் அழுத்தம்தான். பெரிய குழாயின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் 3,000 பாஸ்கல் கிடைக்கிறது, அழுத்தமானி காட்டிய அதே அளவு.

இதில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. கணக்கே அதன்மேல்தான் நிற்கிறது என்பதால் அதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. குழாய் அகலும் இடத்தில் வளையம் போன்ற ஒரு செங்குத்துச் சுவர் இருக்கிறதல்லவா? அந்தச் சுவரும் தண்ணீரைத் தள்ளுகிறது. அதன்மேல் உள்ள அழுத்தம் சின்னக் குழாயின் அழுத்தத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொண்டதால்தான் முழுப் பரப்பால் வகுக்க முடிந்தது. தாரை வளையாமல் நேராக வெளிவருவதால் அதன் குறுக்கே அழுத்தம் மாறுவதில்லை. ஓரத்தில் சுழலும் தண்ணீரும் மந்தமானதுதான். சோதனைகளிலும் இந்த ஊகம் பெருமளவு சரியாகவே வருகிறது.

இனி ஆற்றல் கணக்கில் இந்த அழுத்த ஏற்றத்தைப் போட்டால் புதிர் ஒன்றாகக் குறைந்துவிடும். இழப்பு இப்படி வந்து நிற்கிறது:

h = (v₁ − v₂)² / 2g

வேகங்களின் வித்தியாசம் 3; அதன் வர்க்கம் 9; அதை 19.62ஆல் வகுத்தால் 0.459 மீட்டர். தொலைந்த 46 சென்டிமீட்டர் இதுதான்.

போர்டா–கார்னோ வாய்பாடு என்று இதற்குப் பெயர். ஷான் ஷார்ல் த போர்டா பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, கணிதத்திலும் கெட்டிக்காரர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வேகமான தண்ணீர் மெதுவான தண்ணீரோடு மோதிக் கலக்கும்போது ஆற்றல் இழப்பு உண்டு என்று அவர் எடுத்துக் காட்டினார். ஓடிவரும் சரக்கு வேகன் முன்னால் மெதுவாகப் போகும் வேகனை இடித்து, அதோடு கொக்கி மாட்டிக்கொண்டு போவதைப் போன்ற மோதல் அது. உந்தம் அப்படியே இருக்கும், இயக்க ஆற்றலில் ஒரு பகுதி போய்விடும். இப்படிப்பட்ட மோதல்களில் இழப்பு எவ்வளவு என்பதைப் பொதுவான விதியாக்கியவர் லாசர் கார்னோ. வெப்ப எந்திரங்களின் கோட்பாட்டுக்குப் பேர்போன சாடி கார்னோவின் அப்பா.

பரிசோதனைக் கூடத்தில் இந்த வாய்பாடு பொய்த்துப்போனதுபோல் தோன்றினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுத்தம் எடுக்கும் துளையின் இடத்தை. தாரை பெரிய குழாயின் சுவரைத் தொடுவதற்கே படியின் உயரத்தைப் போல எட்டு, பத்து மடங்கு தூரம் ஆகிறது. நம் குழாயில் படி 25 மில்லிமீட்டர். ஆகவே 20, 25 சென்டிமீட்டர். அழுத்தம் முழுதாக ஏறி முடிவது அதற்கும் அப்பால். படியை ஒட்டித் துளை போட்டால் அங்கே சின்னக் குழாயின் அழுத்தமே ஏறக்குறைய மாறாமல் இருக்கும். இழப்பு 4,500 பாஸ்கலுக்குப் பதில் 7,500 என்று வந்து நிற்கும். ஏறவே இல்லாத அழுத்தத்தைக் கண்டால் துளையை இன்னும் தள்ளிப் போட்டுப் பார்ப்பதே வழி. பாகுபோல் மெதுவாக ஓடும் எண்ணெய்க்கு இந்த வாய்பாடு அப்படியே பொருந்தாது. அங்கே குழாயின் நடுவில் வேகம் அதிகம், ஓரத்தில் மிகக் குறைவு. சராசரி வேகத்தை வைத்துப் போடும் கணக்கு தப்பிவிடும்.

குழாய் ஒரு பெரிய தொட்டிக்குள் திறந்தால் v₂ பூஜ்யம். அப்போது வேகத்தில் இருந்த ஆற்றல் முழுவதும் போய்விடும்: 4 மீட்டர் வேகத்துக்கு 81.5 சென்டிமீட்டர்.

திடீர்ப் படிக்குப் பதிலாக மெல்ல விரியும் கூம்பு வைத்தால் இழப்பு குறையும். மொத்தக் கோணம் 7 டிகிரி அளவில் இருந்தால், படியில் போவதில் ஏழில் ஒரு பங்கு அளவுதான் போகும். அதற்கு விலை நீளம்: 50ஐ 100 ஆக்க அந்தக் கூம்பு 41 சென்டிமீட்டர் வேண்டும். வென்சூரி மீட்டரின் வெளிவரும் பக்கம் உள்ளே போகும் பக்கத்தைவிட நீளமாக இருப்பதும் இதனால்தான். இடமில்லை என்று கூம்பைக் குட்டையாக்கி 60 டிகிரி அளவுக்கு விரித்தால், தண்ணீர் சுவரை விட்டுப் பிரிந்துவிடும். இழப்பு கூம்பே இல்லாத வெறும் படியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.