கியர் இல்லாத வண்டியா, கியர் வண்டியா?

வண்டி பழகுகிறவர் பயந்த நொடியில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். குறுக்கே ஒரு நாய் ஓடினால் போதும், அந்தப் பிடியிலேயே ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து திரும்பிவிடும். கியர் வண்டி என்றால் இடது கையால் கிளட்சைப் பிடித்ததும் எஞ்சின் வெறுமனே உறுமும். சக்கரத்துக்கு இழுவை போகாது. ஸ்கூட்டரில் அந்த வசதி கிடையாது. எஞ்சின் வேகம் ஏறினாலே அதன் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை விட்டால்தான் வண்டி அடங்கும்.

ஆகவே ஸ்கூட்டர் பழகுகிறவருக்கு முதல் பாடம் நிறுத்துவதாகத்தான் இருக்க வேண்டும். காலி மைதானத்தில் மெதுவாகப் போய், முதலில் ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு, பிறகு இரண்டு பிரேக்குகளையும் ஒன்றாக, படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். யோசிக்காமலே கை இதைச் செய்யும்வரை சாலைக்குப் போகக் கூடாது. ஸ்கூட்டர் ஒரே நாளில் ஓட வந்துவிடும். நிறுத்தப் பழகும் முன்பே நம்மைக் கடைத்தெருவுக்கு இழுத்துப்போவதுதான் அதன் ஆபத்து.

கியர் வண்டி அப்படி விடாது. கிளட்சைச் சட்டென்று விட்டால் உதறி ஆஃப் ஆகிவிடும். சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல மெல்ல விட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் வண்டி தானாக நகரத் தொடங்கும். அந்த இடம் கைக்குப் பழகிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. மேட்டில் நின்று கிளம்புவதற்கு இன்னும் சில நாள் ஆகும். அதன் 17, 18 அங்குலச் சக்கரங்கள் பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டும். ஸ்கூட்டரின் 10, 12 அங்குலச் சக்கரங்கள் அதே பள்ளத்தில் குலுங்கும்.

செலவைப் பார்ப்போம். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவரின் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டரும், 100 சி.சி. பைக் 65 கிலோமீட்டரும் கொடுத்தால், ஸ்கூட்டர் மூன்றரை லிட்டர்போலக் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றாலே வருடத்துக்கு 4,000 ரூபாய் வித்தியாசம். பைக்குக்குச் செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடும் வேலை உண்டு. ஸ்கூட்டருக்கு அது இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் பெல்ட்டை நாளடைவில் மாற்றியாக வேண்டும்.

உரிமம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்த உரிமத்தை வைத்துக் கியர் வண்டி ஓட்ட முடியாது. கியர் வண்டி உரிமம் இருந்தால் இரண்டையும் ஓட்டலாம்.

ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் போய்வருகிறவருக்கு ஸ்கூட்டரே போதும். தினமும் நெடுந்தூரம் போகிறவர் கியர் வண்டியிலேயே தொடங்கட்டும். கூடுதலாகச் செலவிடும் அந்தச் சில வாரங்கள் வீண்போகாது.