ஒரு மில்லிமீட்டர், மூன்று கணக்கு

பந்தயத்துக்கும், வானத்தில் கரணம் அடித்து விளையாடுவதற்கும் பலர் கையில் இருப்பது ஐந்து அங்குல விசிறி பொருத்திய ட்ரோன். எதிரெதிர் மூலை மோட்டார்களுக்கு இடையே சுமார் 22 செ.மீ. தூரம். பேட்டரியோடு எடை ஏறக்குறைய 650 கிராம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தைச் சிரமமில்லாமல் தாண்டிவிடும். மோட்டார்களைத் தாங்கும் நான்கு கைகளும் கார்பன் ஃபைபர் தகட்டில் வெட்டி எடுக்கப்பட்டவை. ஃப்ரேம் வாங்கப் போகிறவரின் முதல் கேள்வி அந்தக் கையின் தடிமன் பற்றித்தான்: 4 மி.மீ. போதுமா, 5 வேண்டுமா, ஒரேயடியாக 6 போட்டுவிடலாமா?

தடிமன் ஏறினால் உறுதியும் ஏறும், எடையும் ஏறும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் ஏறுவதில்லை, சிக்கலே அங்கேதான். எடை, தடிமனுக்கு நேராக ஏறும். முறியாமல் தாங்கும் பலம், தடிமனின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். வளையாமல் நிற்கும் விறைப்போ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 4 மி.மீ. கையை 5 ஆக்கினால் எடை கால் பங்கு கூடுகிறது, பலம் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது, விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. 14 மி.மீ. அகலமும் 11 செ.மீ. நீளமும் உள்ள கைகள் என்றால், நான்குக்கும் சேர்த்து இதற்காகச் சுமக்க வேண்டியது பத்து கிராமுக்கும் குறைவு. 650 கிராமில் பத்து கிராம் கொடுத்து இரட்டை விறைப்பு வாங்குவது நல்ல பேரம்தான்.

விறைப்பு எதற்கு? ட்ரோனின் நடுவில் கைரோ என்ற உணரி இருக்கிறது. உடல் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அது சொல்ல, ஃப்ளைட் கன்ட்ரோலர் அதைக் கேட்டு மோட்டார்களின் வேகத்தைத் திருத்துகிறது. கை அதிர்ந்தால் அந்த அதிர்வையும் கைரோ திரும்பல் என்றே சொல்லும். இல்லாத திரும்பலைத் திருத்தப் போய் மோட்டார்கள் வீணாகத் துடிக்கும். தரையிறக்கியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாமல் சுட்டால் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

கையை, ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு மறுமுனையில் எடை தொங்கும் பட்டையாக நினைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அளவுக் கையில் 8 செ.மீ. வெளியே நீட்டி நிற்கிறது, நுனியில் மோட்டாரும் விசிறியுமாக 37 கிராம் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 4 மி.மீ. கை நொடிக்குச் சுமார் 120 முறை தானாக அதிரும். 5 மி.மீ. என்றால் 170, 6 மி.மீ. என்றால் 225. மோட்டாரின் சுழற்சியோ 100க்குப் பக்கத்தில் தொடங்கி 450ஐயும் தாண்டும். ஆகவே எந்தத் தடிமனைப் போட்டாலும் மோட்டார் எங்கோ ஓரிடத்தில் கையின் அதிர்வெண்ணைக் கடந்தே தீரும். அதைத் தவிர்க்கும் ஃப்ரேம் கிடையாது. நாம் செய்யக்கூடியது, அந்த அதிர்வெண்ணை மேலே தள்ளிவிடுவது. மேலே உள்ள இரைச்சலை மென்பொருள் வடிகட்டி அதிகத் தாமதமில்லாமல் நீக்கிவிடும். கீழே உள்ளதை நீக்கப் போனால், ட்ரோனின் உண்மையான அசைவும் தாமதமாகவே கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. 4 மி.மீ. கை வைத்த என் ட்ரோன் ஒன்றில், பறந்த பதிவை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது 90க்குப் பக்கத்தில் ஒரு கோடு நின்றது. மோட்டாரின் இரைச்சல் என்றால் விசை கூடக் கூட அதுவும் இடம் மாறும். இது அசையாமல் நின்றது. ஆகவே ஃப்ரேமின் அதிர்வு. தடிமனான கை வாங்க இருந்தேன். ஆனால் 120 வர வேண்டிய இடத்தில் 90 ஏன் என்று உறுத்தியது. பின்பக்கக் கை ஒன்றின் நுனியைப் பிடித்து ஆட்டினால் அடியில் லேசாக ஆடியது. ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. இறுக்கிப் பசை வைத்ததும் கோடு 110க்கு நகர்ந்தது. கணக்கில் கையின் அடி முழுமையாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது; ஸ்க்ரூவும் தகடும் அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் கையைவிட, பக்கத்துக் கைகளோடு பள்ளமும் முனையுமாகக் கோத்து, மேலும் கீழும் தகடுகளுக்கு நடுவே அழுத்தப்பட்ட கை மேலானது. தடிமனுக்குச் செலவழிக்கும் முன் அடியைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது இழையின் திசை. கார்பன் இழை, நீளவாக்கில் இழுத்தால்தான் விறைப்பு. நெய்த துணியில் இழைகள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. அந்தத் தகட்டிலிருந்து கையை இழையின் போக்கிலேயே வெட்டினால் முழு விறைப்பும் கிடைக்கும். 45 பாகை சாய்த்து வெட்டினால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதாவது 5 மி.மீ. காசு கொடுத்து 4 மி.மீ.யைவிட மட்டமான கையை வாங்கி வருவோம். தனித்தனிக் கைகளில் இந்தத் தொல்லை குறைவு. நான்கு கையும் ஒரே தகடாக இருக்கும் ஃப்ரேமில்தான் கவனம் வேண்டும். கைகள் சரியான பெருக்கல் குறியாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால், தகட்டையே 45 பாகை திருப்பி வைத்து வெட்டி எல்லாக் கைகளிலும் இழையை நேராக ஓடவைக்கலாம். கேமராவின் கண்ணில் விசிறி படக் கூடாதென்று முன்கைகளை அகல விரித்த ஃப்ரேமில் அதற்கு வழியில்லை. அங்கே முன்கைக்கும் பின்கைக்கும் நீளமும் வேறு, அதிர்வும் வேறு. படம் எடுக்க அது வசதி. பந்தயத்துக்கு நான் எடுக்க மாட்டேன்.

இழையின் போக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. ட்வில் நெசவில் சாய்வாகத் தெரியும் வரிகள் இழையல்ல, நெசவு விழுந்த கோலம். ஒரு சின்னக் கட்டத்தை உற்றுப் பார்த்து, அதற்குள் மயிர்போல ஓடும் இழை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் மேல் அடுக்கு மட்டுமே. உள்ளே இருப்பவற்றை வெட்டுவாயில்தான் பார்க்க முடியும்.

மோதல் விஷயத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: தடிமனான கை அடியை உறிஞ்சிவிடும் என்று. 100 கி.மீ. வேகத்தில் வரும் 650 கிராம் ட்ரோனின் ஆற்றல் சுமார் 250 ஜூல். வளைந்து முறியும் வரை ஒரு கை தனக்குள் வாங்கிக்கொள்வது இரண்டு ஜூலை ஒட்டித்தான். அதுவும் தடிமனுக்கு நேராக மட்டுமே ஏறும், மும்மடியாக அல்ல. கார்பன் அலுமினியம்போல நசுங்கி வளையாது. தாங்கும் வரை தாங்கி, பிறகு பட்டென்று முறியும். ட்ரோன் பிழைப்பது புல்லில் உருண்டு ஆற்றலைச் சிதறவிடுவதால்தான். 6 மி.மீ. கை முறியாமல் நின்றால் அந்த உதை மோட்டாரின் தண்டுக்கும், நடுத்தகட்டுக்கும், அதன் மேலிருக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் போகும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றக்கூடிய கை முதலில் முறிவதே லாபம். ஐந்து அங்குல ட்ரோனுக்கு நான் 5 மி.மீ.யில் நிற்பது இதனால்தான்.

முறிந்த கை கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடுக்குகள் மட்டும் உள்ளே பிரிந்திருந்தால் தெரியாது. மோதிய பின் வெட்டுவாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் அங்கே வாய் பிளக்கத் தொடங்கியிருக்கும். பிறகு ஒரு நாணயத்தால் அடியிலிருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கை ‘டிக் டிக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். ஓரிடத்தில் சத்தம் மந்தமாக அமுங்கினால், பெரும்பாலும் அது ஸ்க்ரூ துளையை ஒட்டித்தான் இருக்கும்.