ஒன்றேகால் ஏக்கர் கணக்கு

கடலைக்கும் கம்புக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒவ்வோர் ஆண்டும் தில்லியில்தான் அறிவிக்கிறார்கள். 2025-26 காரீஃப் பருவத்துக்கு மே மாத இறுதியில் வந்த அறிவிப்பில் நிலக்கடலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய், கம்பு 2,775 ரூபாய். கடலையில் கம்பை ஊடுபயிராகப் போட்டால் கட்டுமா என்று கேட்கும் விவசாயி இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேளாண் ஆய்வாளர்கள் தரும் ஓர் அளவுகோல் இந்த விலைகளைப் பார்ப்பதே இல்லை. அதன் பலமும் பலவீனமும் அதுதான்.

அந்த அளவுகோலின் பெயர் நிலச் சமன் விகிதம். ஒரு ஏக்கர் கலப்பில் கிடைத்த கடலையைத் தனிக் கடலை ஏக்கரில் கிடைத்திருக்கக்கூடிய கடலையால் வகுக்க வேண்டும். கம்புக்கும் அப்படியே. இரண்டு விடைகளையும் கூட்டினால் விகிதம் வந்துவிடும். ஒன்றுக்கு மேல் இருந்தால், அதே விளைச்சலைத் தனித்தனியாக எடுக்கக் கூடுதல் நிலம் வேண்டியிருக்கும் என்று பொருள்.

ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் நிலையத்தில் ரெட்டியும் வில்லியும் செய்து 1981இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. செம்மண் நிலம், ஒரு வரிசை கம்பு, மூன்று வரிசை கடலை. கடலை தனக்குக் கிடைத்த முக்கால் பங்கு இடத்துக்கு ஏற்ற மகசூலை ஏறக்குறைய அப்படியே தந்தது. கால் பங்கு வரிசைகளை மட்டுமே பெற்ற கம்போ தனிக் கம்பு விளைச்சலில் பாதி அளவுக்கு வந்தது. மொத்தத்தில் சுமார் கால் பங்கு லாபம்.

காரணம் செடிகளின் இயல்பில் இருக்கிறது. கம்பு பக்கத்தில் நெருக்கடி இல்லாவிட்டால் தூர் கட்டி அகலும். உச்சிவெயிலை முழுக்கப் பயன்படுத்திக்கொள்ளும் பயிர் அது. கடலையின் இலையோ ஓர் அளவுக்கு மேல் வெயில் ஏறினால் அந்தக் கூடுதலைக் கொண்டு கூடுதலாகச் சமைக்காது. அதனால் லேசான நிழல் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் லேசான நிழல்தான். கம்பு வரிசையை நெருக்கினால் கடலையின் வேர்முடிச்சுகள் குறையும், அது காற்றிலிருந்து பிடிக்கும் தழைச்சத்தும் குறையும். கம்புக்கு யூரியாவை அள்ளிப் போட்டு உயரமாக வளர்த்தாலும் இதே கேடுதான். போடுவதைக் கம்பு வரிசைக்கு மட்டும் அளவாகப் போட வேண்டும்.

இனி பணத்துக்கு வருவோம். கணக்குக்காக ஒரு நிலத்தை வைத்துக்கொள்வோம். தனிக் கடலை ஏக்கருக்கு 8 குவிண்டால் காய்ந்த காய், தனிக் கம்பு 10 குவிண்டால். ஒன்றுக்கு மூன்று கலப்பில் கடலை 6, கம்பு 5. விகிதம் 0.75 + 0.50 = 1.25. பட்டஞ்சேருவில் கண்டதைப் போன்ற நல்ல கலப்பு. ஆதரவு விலையில் இதன் மதிப்பு 57,453 ரூபாய். தனிக் கம்பின் மதிப்பு 27,750 ரூபாய்தான். ஆனால் தனிக் கடலையின் மதிப்பு 58,104. விகிதம் கால் பங்கு கூடுதல் என்று சொன்ன நிலத்தில், கடலை மட்டும் போட்டவருக்கு 651 ரூபாய் அதிகம் கிடைக்கிறது!

விகிதத்தில் பிழை இல்லை. அது நிலத்தைத்தான் அளக்கிறது. ஆறு குவிண்டால் கடலையும் ஐந்து குவிண்டால் கம்பும் இரண்டுமே வேண்டும் என்ற வீட்டுக்கு ஒன்றேகால் ஏக்கர் வேலையை ஒரு ஏக்கர் செய்துவிட்டது. இரண்டையும் விற்கப் போகிறவருக்குக் கேள்வி வேறு. 7,263ஐ 2,775ஆல் வகுத்தால் சுமார் 2.6. கலப்பினால் ஒரு குவிண்டால் கடலை குறைந்தால் அதன் இடத்தில் 2.6 குவிண்டால் கம்பு வந்தாக வேண்டும். நம் நிலத்தில் இரண்டு குவிண்டால் கடலை குறைந்தது, 5.2 குவிண்டால் கம்பு தேவை, வந்தது 5. ஆதரவு விலை பலருக்குக் கிடைப்பதில்லை என்பதால் உங்கள் ஊர் மண்டி விலையைப் போட்டே இந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

செலவையும் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு என்றால், கால் பங்கு வரிசை கம்புக்குப் போனதில் 12.5 கிலோ மிச்சம். கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 1,500 ரூபாய். கம்பு விதைக்கு அதில் சிறு பகுதி போதும். அங்கே 651 ரூபாய் குறை நிரம்பிவிடுகிறது, கம்பந்தட்டையும் மாட்டுக்குக் கிடைக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கதிர் அறுக்கத் தனி ஆள் கூலி. மொத்தத்தில் நல்ல மழை ஆண்டில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதே என் முடிவு.

மழை பொய்த்த ஆண்டில் கணக்கு மாறுகிறது. நடராஜனும் வில்லியும் இக்ரிசாட்டில் வெவ்வேறு ஈர அளவுகளில் சோதித்து 1986இல் வெளியிட்டது, வறட்சி கூடக்கூட இத்தகைய கலப்புகளின் விகிதமும் கூடுகிறது என்பதுதான். நம் நிலத்தில் தனிக் கடலை 3, தனிக் கம்பு 5 என்று விழுந்து, கலப்பு 2.1 கடலையும் 4 கம்பும் தந்ததாக வைத்தால் விகிதம் 1.5. கலப்பின் மதிப்பு 26,352 ரூபாய், தனிக் கடலைக்கு 21,789. இங்கே கலப்பு தெளிவாக ஜெயிக்கிறது. ஆனாலும் 1.5 என்ற பெரிய எண்ணைக் கண்டு ஏமாறக் கூடாது. கையில் வந்த பணம் நல்ல ஆண்டில் வந்ததில் பாதிகூட இல்லை.

தில்லியில் பூசா வளாகத்தில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1936 முதல் இயங்குகிறது. அந்தப் பகுதியில் கம்புதான் மானாவாரியின் முதற்பயிர் என்பதால் அந்த நிறுவனத்தார் எதிர்முனையிலிருந்து யோசித்தார்கள். கம்பின் மொத்தச் செடி எண்ணிக்கையைக் குறைக்காமல், வரிசைகளை இரண்டிரண்டாக நெருக்கி, இடையில் கிடைக்கும் அகலச் சந்தில் பயறோ கடலையோ போடுவது. அப்போது தனிக் கம்போடு ஒப்பிட வேண்டும். சந்தில் வரும் ஒவ்வொரு குவிண்டால் கடலையும் 2.6 குவிண்டால் கம்பு இழப்பைத் தாங்கும். தில்லிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு தடையும் உண்டு. கம்பு செப்டம்பரில் நிலத்தை விட்டுவிடும், கடலை அக்டோபர் வரை இழுக்கும், அதற்குள் கடுகு விதைப்பு நெருங்கிவிடும். நாள் கணக்கு நிலச் சமன் விகிதத்தில் வராது.

அளப்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு வரிசை சேர்ந்தது 120 சென்டிமீட்டர். அதில் ஐந்து மீட்டர் நீளம் எடுத்தால் ஆறு சதுர மீட்டர். அதிலிருந்து 890 கிராம் காய்ந்த காய் வந்தால் ஏக்கருக்கு ஆறு குவிண்டால். கடலை நின்ற மூன்று வரிசையின் பரப்பால் மட்டும் வகுத்தால் எட்டு குவிண்டால் என்று காட்டும், விகிதம் பொய்யாக ஏறும். பறித்த ஈரக் காயை எடைபோட்டாலும், வரப்போரக் கம்பை அளந்தாலும் அப்படித்தான். தனிப்பயிரைக் களை எடுக்காமல் விட்டு அதோடு ஒப்பிடுவது இவை எல்லாவற்றிலும் மோசம். வகுக்கும் எண் சிறுத்தால் எந்தக் கலப்பும் உயர்ந்துவிடும்.

அதனால் வரும் ஆடிப்பட்டத்தில் கலப்பு போடுகிறவர்கள் அதே வயலில் இரண்டு சென்ட் தனிக் கடலைக்கும் இரண்டு சென்ட் தனிக் கம்புக்கும் ஒதுக்கி, சரியான இடைவெளியில் விதைத்து, அதே கவனிப்பைக் கொடுங்கள். அந்த நான்கு சென்ட் இல்லாமல் உங்கள் நிலத்தின் விகிதத்தை யாராலும் சொல்ல முடியாது.